சராசரி வித்தியாசம் 1 என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் 14?

கேள்வி: எனக்கு வயது 58. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டில் மணிக்கட்டில் கட்டும் பிரஷர் கருவி வைத்திருக்கிறேன். போன வாரம் மருத்துவரிடம் போனபோது மேற்கையில் பார்த்ததில் 150 வந்தது. உடனே என் கருவியில் பார்த்தால் 136. கருவியின் சோதனை அறிக்கையைத் தேடிப் படித்தேன். மேற்கைக் கருவியோடு சராசரி வித்தியாசம் வெறும் −1, ஒட்டுறவு 0.94 என்று இருக்கிறது. கூடவே புள்ளிகள் நிறைந்த ஒரு வரைபடம், அதில் குறுக்கே மூன்று கோடுகள்: நடுவில் −1, மேலே +13, கீழே −15. அறிக்கை பொய்யா, என் கருவி பழுதா?

பதில்: அறிக்கை பொய் சொல்லவில்லை. கருவி பழுது என்று சொல்லவும் இந்த ஒரு அளவீடு போதாது. உங்கள் −14 அந்த வரைபடத்திலேயே இடம் பெற்றிருக்கக்கூடிய எண்தான். கீழ்க்கோடு −15-ல் இருக்கிறது, நீங்கள் அதற்குச் சற்று மேலே நிற்கிறீர்கள். அறிக்கையைப் படிக்கும்போது உங்கள் கண் நடுக்கோட்டில் நின்றுவிட்டது. பார்த்திருக்க வேண்டியவை வெளியே உள்ள இரண்டு கோடுகள்.

வரைபடம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது விளங்கிவிடும். சோதனைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு கருவியிலும் அழுத்தம் பார்க்கிறார்கள். ஒருவருக்கு ஒரு புள்ளி. இரண்டு அளவுகளின் சராசரி அந்தப் புள்ளி இடமிருந்து வலமாக எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. மணிக்கட்டு அளவிலிருந்து மேற்கை அளவைக் கழித்தால் கிடைக்கும் எண், புள்ளி மேலே நிற்குமா கீழே நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. உங்களையே எடுத்துக்கொள்வோம். 136-க்கும் 150-க்கும் சராசரி 143, வித்தியாசம் −14. ஆக, படுக்கை அச்சில் 143-க்கு நேராக, பூஜ்யத்திலிருந்து 14 படி கீழே உங்கள் புள்ளி விழும். படுக்கை அச்சில் மேற்கை அளவை மட்டும் வைக்காமல் சராசரியை வைப்பதற்குக் காரணம் உண்டு. மேற்கைக் கருவியும் பிழையில்லாதது அல்ல. அதன் பிழை இரண்டு அச்சிலும் ஏறிக்கொண்டால், இல்லாத ஒரு சாய்வு புள்ளிகளில் தெரிய ஆரம்பித்துவிடும்.

நடுக்கோடு எல்லாருடைய வித்தியாசங்களின் சராசரி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஐந்து பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் வித்தியாசங்கள் +9, −12, +4, −7, +1 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் −5, ஐந்தால் வகுத்தால் −1. மிக அழகான சராசரி. ஆனால் அந்த ஐவரில் ஒருவருக்குக் கருவி 12 குறைத்துக் காட்டியிருக்கிறது, இன்னொருவருக்கு 9 கூட்டிக் காட்டியிருக்கிறது. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன, அவ்வளவுதான். சராசரி வித்தியாசம் சொல்வது, கருவி மொத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்பதை மட்டுமே. உங்கள் கையில் அது எவ்வளவு தள்ளிக் காட்டும் என்று அது சொல்வதில்லை.

அதைச் சொல்பவை வெளிக்கோடுகள். வித்தியாசங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைத் திட்ட விலக்கம் என்ற எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். அதை 1.96-ஆல் பெருக்கி, சராசரியோடு கூட்டினால் மேல்கோடு, கழித்தால் கீழ்க்கோடு. இவைதான் ஒப்புதல் எல்லைகள். வித்தியாசங்கள் நடுவில் அடர்ந்தும் ஓரங்களில் மெலிந்தும் இரு பக்கமும் ஒரே மாதிரியாகப் பரவியிருந்தால், நூற்றில் சுமார் 95 பேரின் புள்ளி இந்த இரண்டு கோடுகளுக்குள் விழும். உங்கள் அறிக்கையில் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 14 மி.மீ. இருக்கிறது, அதை 1.96-ஆல் வகுத்தால் திட்ட விலக்கம் ஏறக்குறைய 7. அறிக்கையைச் சாதாரணப் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "இந்தக் கருவி மேற்கைக் கருவியைவிட 15 குறைவாகவும் காட்டலாம், 13 கூடுதலாகவும் காட்டலாம், அதற்கு வெளியே போவது அபூர்வம்." இந்த வாக்கியத்தை விளம்பரத்தில் போட யாருக்கும் மனம் வராது. சராசரி −1 என்று போடத்தான் மனம் வரும்.

இவ்வளவு அகலமான எல்லையோடு ஒரு கருவி எப்படித் தேர்ச்சி பெறுகிறது என்று கேட்பீர்கள். பிரஷர் கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 81060-2, குறைந்தது 85 பேரிடம் சோதிக்கச் சொல்கிறது. அதன் முதல் நிபந்தனை, சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, திட்ட விலக்கம் 8-க்கு மேல் போகக்கூடாது என்பது. சராசரி பூஜ்யமாகவே இருந்தாலும், திட்ட விலக்கம் 8 என்றால் எல்லைகள் இரு பக்கமும் 16 வரை நீளும். உங்கள் கருவியின் 7 அதற்குள் அடங்குகிறது. தேர்ச்சி பெற்ற கருவி ஒவ்வொருவர் கையிலும் சரியாகக் காட்டும் என்று எந்தத் தரமும் உறுதி கொடுக்கவில்லை.

ஒட்டுறவு 0.94 என்பதை ஒதுக்கிவையுங்கள். எப்போதும் 20 கூட்டிக் காட்டும் கருவிக்கும் ஒட்டுறவு 1 வரலாம். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டுமே அது பார்க்கிறது. போதாக்குறைக்கு, மிகக் குறைந்த அழுத்தம் உள்ளவரையும் மிக அதிகம் உள்ளவரையும் சோதனையில் சேர்த்துக்கொண்டால் அந்த எண் தானாகவே உயர்ந்துவிடும். மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1986-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். இந்த வரைபடத்தையும் அவர்கள் பெயரால்தான் குறிப்பிடுகிறோம். மூச்சை வேகமாக ஊதி அளக்கும் இரண்டு கருவிகளை 17 பேரிடம் ஒப்பிட்டதை அவர்கள் உதாரணமாகக் காட்டினார்கள். ஒட்டுறவு உங்கள் அறிக்கையைப் போலவே 0.94. சராசரி வித்தியாசம் நிமிடத்துக்கு வெறும் 2 லிட்டர். எல்லைகளோ ஏறத்தாழ −80 முதல் +76 லிட்டர் வரை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைத்துக்கொண்டு ஆஸ்துமாவுக்கு மருந்து தீர்மானிக்க முடியாத அளவு இடைவெளி அது.

எல்லைகள் எவ்வளவு அகலமாக இருந்தால் ஏற்கலாம் என்பதற்கு வரைபடத்திடம் விடை கிடையாது. அது மருத்துவர் சொல்ல வேண்டியது. வீட்டில் பார்க்கும் அளவுக்கு 135/85 என்பதை நாங்கள் எல்லையாக வைத்துக்கொள்கிறோம். உங்கள் கருவியில் 136 வந்தால் எல்லையை இப்போதுதான் தொட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். 150 வந்தால் மாத்திரையைப் பற்றிப் பேசியாக வேண்டும். சிகிச்சையின் முடிவையே மாற்றும் அளவு வித்தியாசம் என்பதால், உங்கள் விஷயத்தில் 14-ஐ நான் சிறிதென்று விடமாட்டேன்.

அறிக்கை கையில் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். வலது ஓரத்தில், அதாவது அழுத்தம் 140-க்கு மேல் உள்ளவர்களிடம், புள்ளிகள் எப்படி இருக்கின்றன? இடது பக்கம் ஒடுங்கியும் வலது பக்கம் விரிந்தும் இருந்தாலோ, வலது பக்கம் போகப் போகக் கீழே சரிந்தாலோ, நேராகப் போட்ட மூன்று கோடுகளும் உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. எல்லாரையும் சேர்த்துப் போட்ட கோடுகள் அவை. அழுத்தம் கூடியவர்களிடம் கருவி செய்யும் தவற்றை அவை மூடிவிடும்.

இனி உங்கள் கைக்கு வருவோம். ஒரே ஒரு ஜோடி அளவைக் கொண்டு எதுவும் சொல்ல முடியாது. இரத்த அழுத்தமே நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒரே கருவியில் அடுத்தடுத்துப் பார்த்தாலும் இரண்டு எண் வரும். ஆகவே அடுத்த முறை போகும்போது உங்கள் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காருங்கள். ஒரே கையில், மேற்கை, மணிக்கட்டு, மறுபடி மேற்கை, மணிக்கட்டு என்று மாற்றி மாற்றி, இடையில் ஒரு நிமிடம் விட்டு, ஆறு ஜோடி பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் கழித்து எழுதுங்கள்.

வித்தியாசங்கள் −13, −15, −12, −12, −14, −11 என்று வந்தால், சராசரி சுமார் −13, எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன. அப்படியானால் உங்கள் உடலிலோ, நீங்கள் வைக்கும் முறையிலோ நிலையான ஒரு காரணம் இருக்கிறது. மாறாக −14, +3, −9, +6, −12, +2 என்று வந்தால் சராசரி −4தான். ஆனால் அந்தக் கருவி அடுத்து என்ன காட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. சராசரி சிறியதாக இருந்தும் இரண்டாவது நிலைதான் மோசமானது. இந்த ஆறு எண்களை வைத்து அறிக்கையில் உள்ளதைப் போல எல்லைக்கோடு போட்டுவிடாதீர்கள். அங்கே ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு மனிதர். இங்கே ஆறு புள்ளியும் நீங்களே.

முதல் நிலை என்றால், கை இருக்கும் உயரத்தை முதலில் சந்தேகிப்பேன். மணிக்கட்டு இதயத்தின் மட்டத்துக்கு மேலே போகும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அளவு முக்கால் மி.மீ. அளவுக்குக் குறையும்; கீழே போனால் அதே அளவு கூடும். முழங்கையை மேசையில் ஊன்றி, திரையைப் படிக்க வசதியாக மணிக்கட்டை மோவாய் அருகே தூக்கிப் பிடிப்பவர்கள் நிறைய. இதயத்திலிருந்து 18 சென்டிமீட்டர் உயர்ந்தாலே 14 மி.மீ. காணாமல் போய்விடும். மணிக்கட்டை மார்பின் நடுவுக்கு நேராக, ஒரு தலையணை மேல் சாய்த்து வைத்து மறுபடி பாருங்கள். மேற்கையில் கட்டிய பட்டை உங்கள் கைக்குச் சிறியதாக இருந்தால், அந்த 150-ம் கொஞ்சம் மிகைதான். கைச் சுற்றளவை அளந்து, சரியான பட்டைதானா என்று கேளுங்கள்.

இவற்றைச் சரிசெய்த பிறகும் −13 நிற்கிறது என்றால், காட்டும் எண்ணோடு 13-ஐக் கூட்டிக்கொள்ளும் வேலை வேண்டாம். 150-ல் 13 குறைத்துக் காட்டுவது 120-லும் அதே 13-ஐக் குறைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சோதனையில் தேர்ந்த மேற்கைக் கருவி ஒன்றுக்கு மாறிவிடுங்கள், அதையும் இதே போல ஆறு ஜோடி ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை மணிக்கட்டு அளவை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் ஆறு ஜோடியையும் எழுதியபடியே காட்டுங்கள், சராசரியை மட்டும் சொல்லாதீர்கள்.