அந்த 61 மதிப்பெண்ணைப் பற்றி முதலில் பேசுவோம்

கேள்வி: என் நண்பன் குடிமைப் பணித் தேர்வை நான்கு முறை எழுதிவிட்டான், நான்கு முறையும் முதல்நிலைத் தேர்வைத் தாண்டவில்லை. வயது 28, ஓபிசி பிரிவு. அக்காவின் சம்பளத்தில்தான் படிக்கிறான். கடைசி இரண்டு முறையும் முதல் தாளில் கட் ஆஃபைத் தாண்டியிருந்தான்; தகுதித் தாளில் ஏதோ சில மார்க்கில் போய்விட்டது, போன முறை 61.67 என்றான். இப்போது மறுபடியும் வரலாற்றுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறான், ஆனால் முகத்தில் உயிரில்லை. அவன் மனம் தளராதிருக்க ஒரு கடிதம் எழுத விரும்புகிறேன். என்ன எழுதலாம்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நண்பனின் முகத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அவன் தோற்ற இடத்தையோ ‘ஏதோ சில மார்க்’ என்று ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகள் போனதே அந்த வரியில்தான். அவனும் அப்படித்தான் கடந்து போகிறான் என்பதற்கு அந்த வரலாற்றுப் புத்தகமே சாட்சி. இரண்டு முறை தேறிய தாளுக்கு மூன்றாம் முறையாக முதல் பக்கத்திலிருந்து படிப்பவன், தோற்ற தாளைத் திறந்து பார்க்க அஞ்சுகிறான் என்றே நான் கொள்வேன்.

‘தகுதித் தாள்’ என்ற பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. சிசாட் என்று சொல்லப்படும் அந்த இரண்டாம் தாளின் மதிப்பெண் தரவரிசையில் சேராது என்பது உண்மைதான். ஆனால் அதில் 200-க்கு 66 எடுக்காதவரின் முதல் தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணக்கில் வராது. 2015-இல் அது வெறும் தகுதித் தாளாக மாற்றப்பட்டதிலிருந்து, ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டுத் தோற்றவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

அந்த 61.67-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் 80 கேள்விகள். சரியான விடைக்கு 2.5 மதிப்பெண், தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.83, கழிக்கப்படும். அவன் 70 கேள்விகளுக்கு விடை குறித்து, 36 சரியாகவும் 34 தவறாகவும் அமைந்திருந்தால், 90-இல் 28.33 போக மிஞ்சுவது சரியாக 61.67. எண்கள் சற்று மாறியும் இருக்கலாம், கதை அதுதான். அந்த 34-இல் ஆறு கேள்விகளை மட்டும் தொடாமல் விட்டிருந்தால் 66.67 வந்திருக்கும். விட்டுவைத்த பத்தில் இரண்டைச் சரியாகப் போட்டிருந்தாலும் அதே 66.67 தான். ஒரு வருடம் போனது இரண்டு கணக்குகளுக்காக. இதை அறியாத ஒருவனிடம் ‘மனம் தளராதே’ என்று எழுதினால், அதே தவறை இன்னும் உற்சாகமாகச் செய் என்று சொன்னதாகவே ஆகும்.

ஆகவே கடிதத்தில் முதலில் ஒரு வேலையை எழுதுங்கள். தேர்வறையிலிருந்து கொண்டுவந்த வினாத்தாள் அவனிடம் இருக்கும். அதிகாரபூர்வ விடைக்குறிப்பை மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் அருகில் வைத்து, ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் அவன் ஒரு குறி இட வேண்டும்: போட்டுப் பார்த்து எழுதிய விடையா, இரண்டு விடைகளில் ஒன்றைத் தேர்ந்ததா, கண்ணை மூடிக்கொண்டு குறித்ததா. நான்கு விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறிப்பதால் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை; ஆனால் தேறும் எல்லையில் நிற்பவனுக்கு அது சூதாட்டம். மூன்றாம் வகைக் குறிகள் தாளின் பிற்பகுதியில் குவிந்திருந்தால் நேரம் போதவில்லை என்று பொருள். தாள் முழுவதும் சிதறியிருந்தால் அடிப்படைக் கணக்கே கைவரவில்லை. முதல் வகையிலேயே தவறுகள் மிகுந்திருந்தால், கேள்வியைச் சரியாகப் படிக்காமலே விடை எழுதுகிறான்.

தமிழ்வழியில் படித்தவர்களிடம் நேரக்குறைவையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஆனால் முதல்நிலைத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. 120 நிமிடத்தில் 80 கேள்விகள் என்றால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். ஆங்கிலப் பத்தி ஒன்றை மனத்துக்குள் தமிழாக்கி, மறுபடியும் மேலே போய்ப் படிப்பவனுக்கு அது போதாது. உங்கள் நண்பனும் தமிழ்வழியில் படித்தவனானால், முதலில் பத்திகளைத் தொடாமல், பத்தாம் வகுப்பு அளவிலான விகிதம், சதவீதம், வேகம், எண்கள், வரிசை ஆகிய கணக்குகளை முடித்துவிட்டுப் பத்திகளுக்கு வரட்டும். இதற்கு அறிவு குறைவு காரணமில்லை, வேகம்தான். வேகம் பழக்கத்தால் வரும்.

பயிற்சியிலும் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சிசாட் தாள் பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை நடக்கிறது, அதுவும் காலையில் முதல் தாளில் மூளை களைத்த பிறகு. ஆகவே பழைய தாள்களை அவன் காலைத் தெளிவில் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. வாரம் ஒரு தாள், அதே நேரத்தில், கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுத வேண்டும். வீட்டில் தொடர்ந்து 90 வந்தால்தான் தேர்வறையில் 66 நிச்சயம் என்பது என் கணிப்பு. அது வரும்வரை வரலாற்றுப் புத்தகம் மூடியே இருக்கட்டும்.

தேர்வு நெருங்கியும் 90 வராவிட்டால், அந்த ஆண்டு எழுதாமல் இருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. விண்ணப்பித்துவிட்டு இரண்டு தாள்களுக்கும் போகாமல் இருந்தால் வாய்ப்புக் கணக்கில் சேராது. ஒரு தாளுக்குப் போய் உட்கார்ந்தாலே சேர்ந்துவிடும். ஓபிசி பிரிவில், கிரீமி லேயருக்கு வெளியே இருப்பவருக்கு 35 வயதுக்குள் ஒன்பது வாய்ப்புகள். இன்னும் ஐந்து மிச்சம். இதைச் சொல்லுங்கள். ஆனால் ஐந்தையும் செலவழிக்கலாம் என்ற தொனியில் சொல்லாதீர்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் அவன் அக்காவின் ஓராண்டுச் சம்பளம்.

அந்த அக்காவுக்கு இந்த 61.67 தெரியுமா? உங்கள் கடிதத்தில் அதற்குப் பதிலில்லை. தெரியாது என்றே நினைக்கிறேன். ‘இந்த முறையும் கிடைக்கவில்லை’ என்று மட்டும் அவரிடம் சொல்லியிருப்பான். உழைத்து அனுப்புகிறவருக்கு, எந்தத் தாளில், எவ்வளவில், ஏன் போனது என்று சொல்வது தம்பியின் கடமை. அதை அவமானமாக நினைத்து மறைப்பவன் தோல்வியைத் தனியாகச் சுமந்து உள்ளுக்குள் நொறுங்குகிறான். நீங்கள் பார்த்த அந்த உயிரற்ற முகத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். இரண்டு கணக்கில் போனது என்று கேட்கும் அக்கா தம்பியைத் திட்டலாம், ஆனால் கைவிட மாட்டார். குடிகள் முன் கணக்குக் காட்டும் வேலைக்குப் போக விரும்புகிறவன், முதலில் வீட்டில் கணக்குக் காட்டட்டும். இதை உங்கள் கடிதத்தில் தயங்காமல் எழுதுங்கள். நண்பன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

எழுதியதும் அதைத் தபாலில் போடாமல், ஒரு பழைய சிசாட் தாளை அச்செடுத்து அதோடு சேர்த்து எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். இரண்டரைக்கு வினாத்தாளைக் கொடுங்கள். கடிதத்தை உங்கள் பையிலேயே வைத்துக்கொண்டு அவன் எதிரே பேசாமல் உட்காருங்கள். நாலரைக்குப் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லி, இருவருமாக விடைகளைத் திருத்தி, வந்த எண்ணைக் கடிதத்தின் தலைப்பில் எழுதி, அதற்குப் பிறகு அவன் கையில் கொடுங்கள்.