ரம்பை கல்லானது யார் தவறு?

கேள்வி: தவம் செய்யும் முனிவர்களைக் கலைக்க மேனகை, ரம்பை என்று யாரையாவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பெண்ணிடம் எச்சரிக்கையாக இரு என்பதைத் தவிர இந்தக் கதைகளில் வேறு ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் நாம் பெரும்பாலும் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். விசுவாமித்திரர் என்றதும் மேனகை, அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறோம். வால்மீகி அங்கே நிறுத்தவில்லை. அவர் சொல்லும் வரிசையிலேயே பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

விசுவாமித்திரர் அரசராக இருந்தவர். வசிஷ்டரின் பசுவைப் பறிக்கப் போய்த் தோற்று, அந்த அவமானம் தாங்காமல் தவத்தில் இறங்கியவர். தொடக்கத்திலேயே அந்தத் தவத்துக்குள் ஒரு போட்டி உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. வசிஷ்டர் பிரம்மரிஷி, நானும் ஆக வேண்டும். இதுதான் குறிக்கோள். புஷ்கரத்தில் 1000 ஆண்டு தவம் முடிந்து, பிரம்மா அவரை ரிஷி என்று அழைத்த பிறகுதான் மேனகை வருகிறாள்.

எப்படி வருகிறாள் என்பதைக் கவனியுங்கள். வால்மீகியின் கதையில் அவள் புஷ்கரத்துக்குக் குளிக்க வருகிறாள், அவ்வளவுதான். அவர்தான் பார்த்து மயங்கி, "வா, என் ஆசிரமத்தில் தங்கு, காமத்தால் மயங்கிய எனக்கு அருள் செய்" என்று அழைக்கிறார். ஒரு பகலும் இரவும் போனது போல 10 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பிறகு திடீரென்று வெட்கம் வருகிறது. முதலில் வரும் எண்ணம், இதெல்லாம் தேவர்களின் வேலை என்பதுதான். அடுத்த கணமே, காம மயக்கத்தில் நான் கிடந்ததால் வந்த இடையூறு என்றும் சொல்லிக்கொள்கிறார். மேனகை கைகூப்பி நடுங்கி நிற்கிறாள், சாபம் வரும் என்ற பயம். அவரோ அவளிடம் இனிய சொற்களைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். தவம் போனது உண்மை. ஆனால் யாருக்கும் தீங்கு செய்யாமல் அந்த இடத்தை விட்டுக் கிளம்புகிறார்.

அப்புறம் வடக்கே, கௌசிகி நதிக்கரையில் இன்னும் 1000 ஆண்டு. பிரம்மா வந்து மகரிஷி என்கிறார். "அப்படியானால் நான் புலன்களை வென்றுவிட்டேனா?" என்று கேட்கிறார் விசுவாமித்திரர். "இன்னும் இல்லை, முயற்சி செய்" என்கிறார் பிரம்மா. பட்டம் கிடைத்தது, ஆனால் அவர் கேட்ட சான்றிதழ் கிடைக்கவில்லை. உடனே தவத்தை இன்னும் கடுமையாக்குகிறார். கோடையில் ஐந்து தீக்கு நடுவே, மழையில் திறந்த வெளியில், குளிர்காலத்தில் தண்ணீருக்குள் என்று போகிறது.

இந்த இடத்தில்தான் இந்திரன் ரம்பையை அனுப்புகிறான். அவள் போக மாட்டேன் என்று கெஞ்சுகிறாள். "அவர் பயங்கரமானவர், என் மேல்தான் கோபத்தைக் காட்டுவார், எனக்குப் பயமாக இருக்கிறது" என்கிறாள். நான் குயிலாகப் பக்கத்திலேயே இருப்பேன், மன்மதனும் இருப்பான் என்று இந்திரன் தைரியம் சொல்லி அனுப்புகிறான். குயில் கூவுகிறது. முனிவர் மகிழ்ந்து நிமிர்ந்து பார்க்கிறார், சந்தேகம் வருகிறது. இந்திரன் வேலை என்று புரிந்துவிடுகிறது.

இந்த முறை அவர் மயங்கவில்லை. நாம் எதிர்பார்க்கும் கதையில் இதற்கு வெற்றி என்று பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் வால்மீகியின் கணக்கு வேறு. காமத்தையும் கோபத்தையும் வெல்ல முயலும் என்னையா மயக்கப் பார்க்கிறாய், 10000 ஆண்டு கல்லாகக் கிட என்று சபிக்கிறார். கோபத்தை வெல்லப் போகிறவன் நான் என்று கோபத்தோடு சொல்கிறார். சாபத்தைக் கேட்டதும் இந்திரனும் மன்மதனும் நழுவிவிடுகிறார்கள். அனுப்பியவன் தப்பித்தான், வர மறுத்தவள் கல்லானாள். தவமும் போயிற்று. புலன்களை வெல்லாததால் அவருக்கு அமைதி கிடைக்கவில்லை என்று வால்மீகி எழுதுகிறார். அதாவது அவர் கணக்கில் கோபமும் வெல்லப்படாத புலன்தான்.

முதல் தடவையைவிட இது பெரிய வீழ்ச்சி என்பது என் கருத்து. மேனகையிடம் தோற்றபோது அவரிடம் வெட்கம் இருந்தது, அதனால் எதிரில் நடுங்கி நின்றவள் கண்ணில் பட்டாள். ரம்பை வந்தபோது காப்பாற்றிக்கொள்ள ஒரு பெருமை சேர்ந்திருந்தது. அத்தனை நெருப்பும் குளிரும் தாங்கிய என்னை ஒருவன் சோதிப்பதா என்ற எண்ணம் வந்ததும், எதிரே பயந்து நிற்பவள் தெரியாமல் போய்விட்டாள். கட்டுப்பாடு கூடக் கூட அதைத் தொட்டுப் பார்ப்பவன் மேல் வரும் ஆத்திரமும் கூடுகிறது.

பாகவதமும் இதையே சொல்கிறது. பதினோராம் ஸ்கந்தத்தில் நாராயண முனிவரின் தவத்தைக் கலைக்க மன்மதனும் அப்சரஸ்களும் போகிறார்கள். அவர் சபிக்கவில்லை. பயப்படாதீர்கள், நம் விருந்தினராக இருங்கள் என்று சிரித்துக்கொண்டே வரவேற்கிறார். வந்தவர்கள் வெட்கித் தலைகுனிந்து அவரைத் துதிக்கும்போது ஒன்று சொல்கிறார்கள்: பசி, தாகம், வெயில், குளிர், காமம் என்ற கரையற்ற கடலைத் தாண்டிவிட்டு, சிலர் கோபத்துக்கு வசப்பட்டுப் பசுவின் குளம்படிப் பள்ளத்துத் தண்ணீரில் மூழ்கிவிடுகிறார்கள், அரும்பாடுபட்ட தவத்தை வீணாக்கிவிடுகிறார்கள். தவத்தைக் கலைக்க வந்தவர்கள் வாயிலிருந்தே இது வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, பெண் மேல் பழி போடும் விஷயத்துக்கு வருகிறேன். அப்படிப் பேசுகிற வரிகள் நம் பழைய நூல்களில் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விஷ்ணு புராணத்தில் கண்டு என்ற முனிவரின் கதை இருக்கிறது. இந்திரன் அனுப்பிய பிரம்லோசை என்ற அப்சரஸோடு அவர் வாழ்கிறார். அவள் பலமுறை விடைகேட்டும் இன்னும் கொஞ்ச நாள் இரு என்கிறார். ஒருநாள் மாலை, சந்தியாவந்தனத்துக்கு நேரமாயிற்று என்று ஓடுகிறார். அவர் கணக்கில் அவள் வந்தது அன்று காலையில்தான். 907 வருடம், 6 மாதம், 3 நாள் ஆயிற்று என்கிறாள் அவள். அவர் கொதிக்கிறார், கடுஞ்சொல்லும் சொல்கிறார். ஆனால் அதற்கு நடுவிலேயே, "உன் குற்றம் என்ன? புலனை அடக்காத குற்றம் என்னுடையது" என்றும் சொல்கிறார். சாபம் கொடுக்காமல் அனுப்பிவிடுகிறார்.

விசுவாமித்திரருக்கு அந்த இடம் வந்து சேர இன்னும் காலம் பிடித்தது. ரம்பையைச் சபித்த வருத்தத்தில், இனிக் கோபப்பட மாட்டேன், பேசவும் மாட்டேன் என்று முடிவெடுத்துக் கிழக்கே போகிறார். 1000 ஆண்டு மௌனம் முடிந்து சாப்பிட உட்காரும்போது இந்திரன் மறுபடி வருகிறான். இந்தத் தடவை அழகியும் இல்லை, குயிலும் இல்லை. ஓர் ஏழை அந்தணனாக வந்து அந்தச் சோற்றைக் கேட்கிறான். அவர் முழுவதையும் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மூச்சடக்கித் தவத்தைத் தொடர்கிறார். இதற்குப் பிறகுதான் பிரம்மரிஷி பட்டம். அதையும் வசிஷ்டர் வாயால் கேட்டார், கேட்டபின் எந்த மனிதரை வெல்லப் புறப்பட்டாரோ அவரையே பூஜித்தார்.

பால காண்டத்தில் மேனகை 63ஆம் சர்க்கம், ரம்பை 64, பட்டம் கிடைப்பது 65. மூன்றும் சிறியவை, ஒரே மாலையில் படித்துவிடலாம். 64ஐ மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.