இன்டர்ன்ஷிப்பை ஒரு மாதம் நீட்டிக்கக் கேட்கும் மெயில்

"ஜூன் 30 அன்று என் இன்டர்ன்ஷிப் முடிகிறது. ப்ராஜெக்ட் பாதியில் நிற்கிறது. இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று மேனேஜருக்கு எப்படி எழுதுவது?"

முதலில், தள்ளிப்போடாமல் இன்றே அனுப்புங்கள். மேனேஜர் சரி என்றாலும் எச்ஆர் புதுக் கடிதம் தர வேண்டியிருக்கும். பல இடங்களில் பழைய கடைசித் தேதியோடு லாகினும் முடங்கிவிடும். இரண்டு மூன்று வாரமாவது கையில் இருந்தால்தான் நல்லது.

"நேரம் போதவில்லை" என்று மட்டும் எழுதினால் அவரால் முடிவெடுக்க முடியாது. எது முடிந்தது, எது மிச்சம், அது எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று சொல்லுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் சார். என் இன்டர்ன்ஷிப் ஜூன் 30 அன்று முடிகிறது. விற்பனை டாஷ்போர்டில் தரவு இணைப்பு முடிந்துவிட்டது. சோதனையும் பயனர் கையேடும் மிச்சம். ஜூலை 31 வரை நீட்டித்தால், ஜூலை 18க்குள் சோதனையை முடித்து, கடைசி வாரத்தில் குழுவிடம் ஒப்படைத்துவிடுவேன். இதைப் பேச இந்த வாரம் பத்து நிமிடம் கிடைக்குமா?"

உதவித்தொகை தொடருமா என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் கேளுங்கள். அப்புறம், ஒப்புதலையும் புதிய தேதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி அனுமதி தேவைப்பட்டால், மெயில் போகும் முன்பே துறையில் விசாரித்துவிடுங்கள்.