நான்கு பேர், ஒரு குளியலறை, அடைமழை

வேளச்சேரியில் வாடகை அறையில் நான்கு பேர் இருக்கிறோம். துண்டுகளைக் குளியலறைக் கதவுக் கொக்கிகளில் மாட்டுகிறோம். மழை தொடங்கியதிலிருந்து துவைத்த துண்டுகூட மறுநாளே நாறுகிறது.

குறை துவைப்பதில் இல்லை, மாட்டும் இடத்தில்தான். கொக்கியில் தொங்கும் துண்டு மடிப்பு மடிப்பாகச் சேர்ந்துகொள்ளும். வெளிப்பக்கம் காய்ந்தாலும் உள்மடிப்பில் ஈரம் நிற்கும். அங்கே பெருகும் பாக்டீரியாதான் அந்த நாற்றத்துக்குக் காரணம். காலையில் நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் அந்தச் சின்ன இடத்துக் காற்று அதற்குமேல் ஈரத்தை வாங்காது.

அதனால் துண்டை அறைக்குக் கொண்டுவாருங்கள். மின்விசிறிக் காற்று படும் இடத்தில், சுவரை ஒட்டாமல் கொடி கட்டுங்கள். துண்டை இரண்டாக மடித்துப் போடாமல், ஒரு விளிம்பை மட்டும் கிளிப்பில் பிடித்துத் தொங்கவிடுங்கள். இரண்டு பக்கமும் காற்று படும். 75 செ.மீ. அகலத் துண்டு நான்கென்றால், இடைவெளியோடு மூன்றரை மீட்டர் கயிறு வேண்டும். அறை அவ்வளவு நீளமில்லையா? ஓரடி தள்ளி இரண்டு கயிறு கட்டிவிடுங்கள். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும், மூடிய அறையில் விசிறி ஈரக்காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

காய்ந்ததா என்று நடுவில் தொட்டுப் பார்க்காதீர்கள். தடித்த ஓரத் தையலைத் தொடுங்கள், அதுதான் கடைசியாகக் காயும். மாலையிலும் அது சில்லென்றிருந்தால், இந்த இரண்டு மாதத்துக்குக் கனமான டர்க்கி டவலை எடுத்து வைத்துவிட்டு மெல்லிய ஈரிழைத் துண்டுக்கு மாறுவதே நல்லது. ஏற்கெனவே நாறும் துண்டைச் சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். கம்ஃபர்ட் மாதிரித் திரவங்கள் வேண்டாம். அவை நூலில் படிந்து, நீரை உறிஞ்சும் திறனைக் குறைக்கும்.

குளியலறைச் சுவரில் வைக்கும் ஒட்டுக் கொக்கி இரண்டே நாளில் விழுந்துவிடுகிறது.

டைல்ஸில் போர் தண்ணீரின் உப்பும் சோப்புப் படலமும் இருக்கும். பசை அதன்மேல்தான் ஒட்டுகிறது, டைல்ஸில் அல்ல. வினிகரால் துடைத்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிட்டால் ஒருமுறை துடையுங்கள். டைல்ஸ் இணைப்புக் கோட்டில் படாமல் ஒட்டி, ஒரு நாள் முழுக்க எதையும் மாட்டாதீர்கள், தண்ணீரும் படக்கூடாது. எல்லோரும் ஊருக்குப் போகும் நாளில் ஒட்டிவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும். சுண்ணாம்போ டிஸ்டம்பரோ அடித்த சுவர் என்றால் வேண்டாம். பெயின்ட்டோடு உரிந்து வரும், அப்புறம் அட்வான்ஸில் பிடிப்பார்கள். கதவின் மேல்விளிம்பில் மாட்டும் கொக்கி போதும்.

விடுதிக் குளியலறையில் சோப்பு, ஷாம்பு வைக்க எந்த ஷவர் கேடி வாங்கலாம்?

அங்கே வைக்கவே வேண்டாம். அடியில் ஓட்டையுள்ள, கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கூடை ஒன்றை ஆளுக்கொன்று வாங்கி, குளிக்கும்போது எடுத்துப் போங்கள். பூச்சு பூசிய கம்பிக் கூடைகள் பூச்சு உரிந்த இடத்தில் துருப்பிடித்து டைல்ஸில் கறை விடும். சோப்பைக் கூடையின் அடியில் போடாமல், மேடு வைத்த சோப்புப் பெட்டியில் வையுங்கள். ரேஸரும் பல்துலக்கியும் அறையிலேயே இருக்கட்டும்.