நியூட்டன்–ராப்சனும் சரிவக விதியும்: ஆய்வகக் கேள்விகளுக்குப் பதில்

இரண்டாம் ஆண்டு மாணவர்: மேடம், x³ − 2x − 5 = 0 சமன்பாட்டுக்கு சி மொழியில் நியூட்டன்–ராப்சன் எழுதினேன். 2-இல் தொடங்கினால் ஒரே சுற்றில் 2.1 என்று நின்றுவிடுகிறது. ஃபார்முலாவைப் பத்து தடவை பார்த்துவிட்டேன், தப்பே இல்லை.

```c
do {
    x0 = x1;
    x1 = x0 - f(x0)/df(x0);
    printf("%.10f\n", x1);
} while (abs(x1 - x0) > 0.00001);
```

ஃபார்முலாவில் தப்பு இல்லைதான், தம்பி. கடைசி வரியைப் பாருங்கள். சி மொழியில் `abs` முழு எண்ணுக்கானது. 2.1-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் 0.1. அதை உள்ளே அனுப்பியதும் புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெட்டப்பட்டு 0 ஆகிறது. "வித்தியாசம் இல்லை, மூலம் கிடைத்துவிட்டது" என்று சுற்று முடிந்துவிடுகிறது. `fabs` என்று மாற்றி `math.h`-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் திரையில் இப்படி வரவேண்டும்:

```
2.1000000000
2.0945681211
2.0945514817
2.0945514815
```

இந்த நாலு வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முதல் வரியில் பிழை ஏறக்குறைய 0.005. அடுத்ததில் 0.000017. அதற்கடுத்ததில் பத்தாவது தசம இடத்தில்தான் வித்தியாசம். சரியான இலக்கங்கள் ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய இரட்டிப்பாகின்றன. நிரல் ஒழுங்காக ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அதனால் விடையை மட்டும் அச்சிடாமல் ஒவ்வொரு படியையும் அச்சிடுங்கள். (இதே சமன்பாட்டைத்தான் நியூட்டனும் தன் முறைக்கு உதாரணமாக எடுத்தார். ராப்சனின் எளிய வடிவம் 1690-இல் வந்தது.)

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: வழியில் எங்கேயும் f′ பூஜ்யம் ஆகாமல் இருந்தால் போதும், எந்தப் புள்ளியில் தொடங்கினாலும் மூலம் வந்துவிடும் என்றுதானே விதி?

பாதி சரி. f′ பூஜ்யமானால் தொடுகோடு கிடையாகக் கிடக்கும், x அச்சை வெட்டாது, அந்தப் படியிலேயே முறை நின்றுவிடும். ஆனால் பூஜ்யம் ஆகாமல் இருப்பது மட்டும் போதாது. x³ − 2x + 2 எடுத்து 0-இல் தொடங்கிப் பாருங்கள். f(0) = 2, f′(0) = −2. தொடுகோடு 1-இல் வெட்டுகிறது. f(1) = 1, f′(1) = 1. அங்கிருந்து வரையும் தொடுகோடு திரும்ப 0-க்கே கொண்டுவந்து விடுகிறது. வழியில் வரும் புள்ளிகள் எதிலும் f′ பூஜ்யம் ஆகவில்லை, ஆனாலும் 0, 1, 0, 1 என்று விடிய விடிய ஓடும். உண்மையான மூலமோ −1.7693 பக்கத்தில் இருக்கிறது. −2-இல் தொடங்கினால் சமர்த்தாக அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே சுற்றுக்கு 50 போல ஓர் உச்சவரம்பு வையுங்கள். அதைத் தாண்டினால் "ஒருங்கவில்லை" என்று நிரல் சொல்லட்டும்.

ஒரு மாணவி: எனக்கு x³ − 3x + 2. 2-இல் தொடங்கினேன். விடை 1-ஐ நோக்கித்தான் போகிறது, ஆனால் ஆமை வேகம். நான் எங்கே தப்பு செய்தேன்?

நீங்கள் தப்பு செய்யவில்லை, சமன்பாடு அப்படி. உங்களுக்கு வரும் எண்கள் 1.5556, 1.2979, 1.1554. 1-லிருந்து உள்ள தூரம் ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பாதியாகிறது, அவ்வளவுதான். இந்தப் பாதிக் கணக்கைப் பார்த்தாலே இரட்டை மூலம் என்று சொல்லிவிடலாம்: (x − 1)²(x + 2). வளைவு அச்சை வெட்டாமல் தொட்டுவிட்டுப் போகிறது. மூலத்தை நெருங்க நெருங்க f, f′ இரண்டும் சேர்ந்தே சுருங்குகின்றன. இரட்டை என்று தெரிந்தால் `x0 - 2*f(x0)/df(x0)` என்று எழுதுங்கள், வேகம் திரும்பிவிடும்.

மென்பொருள் துறையில் இருப்பவர்: படி வித்தியாசத்தை ஏன் பார்க்க வேண்டும்? |f(x)| சின்னதானால் நிறுத்திவிடலாமே. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

மேலே உள்ள சமன்பாட்டிலேயே சோதித்துப் பாருங்கள். 1-க்கு அருகே f என்பது தூரத்தின் வர்க்கத்தைப் போல 3 மடங்கு. f 0.000001 ஆகும்போதும் x இன்னும் 0.0006 தள்ளி நிற்கும். படி வித்தியாசத்துக்கும் இதுபோல ஏமாறும் இடங்கள் உண்டு. நான் இரண்டையும் சேர்த்துச் சோதிப்பேன். உங்கள் துறையில் எது முக்கியம், x-ஆ f-ஆ என்பதைப் பொறுத்து நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்யலாம். அதில் சண்டை போட மாட்டேன்.

இன்னொரு மாணவர்: சரிவக விதியில் 1/(1+x²), 0 முதல் 1 வரை. h = 0.125 என்றால் 0.784747, சரி. h = 0.1 என்று குறைத்தால் 0.8326 வருகிறது! பட்டைகளைக் கூட்டினால் பிழை குறைய வேண்டாமா?

`while (x < b)` என்று எழுதி உள்ளே `x += h` போட்டிருப்பீர்கள். 0.1-ஐ இரும எண்ணாகத் துல்லியமாக எழுத முடியாது. பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 வருகிறது. அது 1-ஐவிடச் சின்னது என்பதால் பதினோராவது பட்டை ஒன்று ஓசியில் சேர்ந்துவிடுகிறது. அதன் பரப்பு 0.0476, உங்கள் விடையில் மிகையாக இருப்பதும் அதுதான். 0.125 இருமத்தில் துல்லியமாக அமைவதால் தப்பித்தது. முழு எண் `i`-யைக் கொண்டு எண்ணி, `x = a + i*h` என்று கணக்கிடுங்கள்.

சரியாக ஓடும்போது 2, 4, 8 பட்டைகளுக்கு 0.775, 0.782794, 0.784747 வரும். π/4-லிருந்து பிழை ஒவ்வொரு முறையும் நாலில் ஒன்றாகும். அது நாலில் ஒன்றாகவில்லையென்றால் நிரலில் கோளாறு, அல்லது சார்பில் ஏதோ கூர்மை இருக்கிறது. √x-ஐ 0-விலிருந்து தொகையிட்டால் 2.8 மடங்குக்கு மேல் குறையாது, ஏனெனில் 0-வில் அதன் சாய்வு செங்குத்து.

நில அளவை செய்பவர்: எனக்கு நிரல் எல்லாம் இல்லை, அம்மா. ஒரு குட்டையின் அகலம், 5 மீட்டருக்கு ஒரு முறை: 0, 12, 17, 19, 17, 11, 0. 380 சதுர மீட்டர் என்று கொடுத்துவிடலாமா?

கூட்டல் சரி. ஆனால் குறைத்துத்தான் காட்டுகிறது. கரை வெளிப்பக்கம் வளைகிறது, சரிவகத்தின் நேர்கோடு உள்ளே விழுகிறது. உங்களால் பட்டையைப் பாதியாக்க முடியாது, ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று எடுக்கலாம்: 0, 17, 17, 0, இடைவெளி 10, பரப்பு 340. வித்தியாசம் 40. நாலில் ஒன்று விதி பொருந்தினால் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்து 393 என்பேன். ஆனால் இரண்டு முனையிலும் அகலம் திடீரென்று எழுகிறது, √x போல. அப்படிப் பார்த்தால் 402 வரை போகும். இந்த அளவுகளை மட்டும் வைத்து எது என்று என்னால் சொல்ல முடியாது. முனைகளுக்குப் பக்கத்தில் 1 மீட்டரில், 2 மீட்டரில் அளவு எடுத்து வாருங்கள், ஐயா.

முதல் கேள்வி கேட்டவர்: `fabs` போட்டதும் வந்துவிட்டது மேடம், நன்றி. அடுத்த கணக்கில் இரண்டும் சேர்ந்து வருகிறது: e^(−x²)-இன் தொகை 0 முதல் b வரை 0.5 ஆக வேண்டும், b என்ன? 4 பட்டை வைத்தேன், 0.5528 என்று அசையாமல் நிற்கிறது. புத்தகத்தில் 0.5510.

உங்கள் நியூட்டன் சரியாக ஒருங்கியிருக்கிறது, ஆனால் வேறு ஒரு சமன்பாட்டின் மூலத்துக்கு! 4 பட்டைக் கூட்டுத்தொகை உண்மையான பரப்பைவிட 0.0013 குறைவு. அதை ஈடுகட்ட b வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. நியூட்டனில் எத்தனை சுற்று ஓட்டினாலும் இது சரியாகாது, பட்டைகளைத்தான் கூட்டவேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். வகைக்கெழுவாக e^(−b²) போட்டிருப்பீர்கள். அது உண்மைப் பரப்பின் வகைக்கெழு, 4 பட்டைத் தொகையின் வகைக்கெழு அல்ல. அதனால் இலக்கங்கள் இரட்டிப்பாகாமல், படிக்கு ஏறக்குறைய இரண்டிரண்டாகத்தான் கூடும். 8, 16, 32 என்று பட்டைகளை ஏற்றிக்கொண்டே b-யை அச்சிடுங்கள். புத்தகத்தின் 0.5510-ஐ இன்னும் துல்லியமாக எழுதினால் 0.551039; அதிலிருந்து உள்ள தூரம் ஒவ்வொரு முறையும் நாலில் ஒன்றாகிறதா என்று பார்த்துவிட்டு ரெக்கார்டில் எழுதுங்கள்.