மீதிப் பேப்பர்களுக்கு மார்க் வேறுவேறு: டிஸ்டிங்ஷனுக்கு இன்னும் எவ்வளவு?

கல்லூரித் தேர்வுப் பிரிவில் மார்க் கூட்டிக் கூட்டியே வயசானவன் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

“சார், எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். முடிஞ்ச எட்டு பேப்பர், தலா 100, சேர்த்து 584. இனி தியரி ரெண்டு தலா 100, பிராக்டிகல் 50, ப்ராஜெக்ட் 150. மொத்தத்துல 75 சதவீதம்னா டிஸ்டிங்ஷன். எவ்வளவு எடுக்கணும்?”

316. எல்லாப் பேப்பரும் சேர்ந்து 1200, அதில் முக்கால் 900. கையில் 584 போக மீதி 316. அதை 400-க்குள் எடுக்க வேண்டும், அதாவது 79 சதவீதம். இதுவரை 73-ல் ஓடியவருக்கு ஆறு சதவீதம் கூடுதல். நடக்காத காரியமில்லை, ஆனால் சும்மாவும் வராது.

“அண்ணா, அவருக்கு நாலு பேப்பர்லயும் சராசரி 79 வந்தா போதும்தானே? தியரி ரெண்டுலயும் 70, பிராக்டிகல்ல 96 சதவீதம், ப்ராஜெக்ட்ல 80. சராசரி சரியா 79 வருது.”

பாதி சரி தம்பி. 79 என்ற எண் சரி, சராசரி எடுத்த விதம்தான் தப்பு. சதவீதத்தை விட்டுவிட்டு மார்க்காக எழுதிப் பாருங்கள்: 70, 70, பிராக்டிகலில் 48, ப்ராஜெக்டில் 120. கூட்டினால் 308. எட்டு மார்க் குறைந்து மொத்தம் 892-ல் நிற்கும், 74.33 சதவீதம்.

எங்கே போனது எட்டு? பிராக்டிகலில் ஒரு சதவீதம் அரை மார்க், ப்ராஜெக்டில் ஒன்றரை மார்க். நீங்கள் இரண்டையும் ஒரே எடையில் போட்டுவிட்டீர்கள். பிராக்டிகலில் 41 மட்டும் வாங்கி ப்ராஜெக்டில் 135 எடுத்தால் தியரி அதே 70-லேயே நின்றாலும் 316 வந்துவிடும். பிராக்டிகலில் 40 வாங்குகிறவர் உயிரைக் கொடுத்து 50-க்கு 50 எடுத்தாலும் கூடுவது பத்து மார்க்தான். ஆகவே ப்ராஜெக்ட் கைடைச் சீக்கிரம் போய்ப் பாருங்கள்.

எக்செல்லில் போடுகிறவர்கள் B-யில் அதிகபட்ச மார்க், C-யில் எடுத்த மார்க் என்று வைத்து, எழுதாத பேப்பருக்கு C-யைக் காலியாக விடுங்கள்:

```
=0.75*SUM(B2:B13)-SUM(C2:C13)
```

பக்கத்தில் சதவீதக் கட்டம் போட்டு அதற்கு `AVERAGE` எடுக்காதீர்கள். மேலே தம்பி விழுந்த குழி அதுதான்.

“முதல்ல கேட்டவன்தான் சார். இன்டர்னல் போட்டுட்டாங்க. தியரில 25-க்கு 21, 20. பிராக்டிகல்ல 20-க்கு 18. ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் இன்னும் வரல.”

அப்படியானால் 59 மார்க் கைக்கு வந்துவிட்டது. 316-ல் அதைக் கழித்தால் 257. எழுத மீதி இருப்பதும் 400 அல்ல: 75, 75, 30, 150, ஆக 330. கிட்டத்தட்ட 78 சதவீதம். உதாரணத்துக்கு எக்ஸ்டர்னல் தியரியில் 52, 53, பிராக்டிகலில் 26, ப்ராஜெக்டில் 126 என்றால் கணக்கு நேர். இன்டர்னலைக் கழித்துவிட்டு, கீழே 400-ஐ அப்படியே வைத்து வகுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 64 சதவீதம் போதும் என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

“அதே பேட்டர்ன் எனக்கும். ஆனா எட்டு பேப்பர்ல 484தான். சான்ஸ் இருக்கா?”

இல்லை. இன்னும் 416 வேண்டும், இருப்பதே 400. ஆனால் 60 சதவீதம் பர்ஸ்ட் கிளாஸ் என்றால் 720-க்கு 236 போதும். 400-ல் 59 சதவீதம். அதைக் குறிவையுங்கள்.

“என் பொண்ணு சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாவது. அஞ்சு பாடமும் கூட்டி 75 வந்தா டிஸ்டிங்ஷன் போடுவாங்களா?”

அது வேறு கதை அம்மா. ஒட்டுமொத்த டிவிஷனோ டிஸ்டிங்ஷனோ கூட்டுச் சதவீதமோ தருவதில்லை என்று சி.பி.எஸ்.இ. 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சேரப் போகும் கல்லூரி எந்தப் பாடங்களைக் கூட்டுகிறது என்று மட்டும் பாருங்கள்.

“பி.ஏ. படிக்கிறேன். தமிழ், இங்கிலீஷ் மார்க்கையும் சேர்த்துக்கலாமா? அதுலதான் எனக்கு நிறைய.”

ஆசைதான்! தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் பகுதி 1, பகுதி 2, பகுதி 3 மூன்றுக்கும் தனித்தனி வகுப்பு. மேஜர் பாடங்கள் உள்ள பகுதி 3-க்கு அந்தப் பேப்பர்களை மட்டுமே கூட்ட வேண்டும். உங்கள் ரெகுலேஷனில் “கிளாஸிஃபிகேஷன்” என்ற பத்தியைப் படித்துவிட்டுக் கூட்டத் தொடங்குங்கள். முதல் முயற்சியிலேயே எல்லாம் தேறியிருக்க வேண்டும் என்ற வரியும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்த வரி இருந்து, ஒரு அரியரும் இருந்தால், 80 சதவீதம் வந்தாலும் டிஸ்டிங்ஷன் கிடையாது.

“1200-க்கு 899 வந்தா 75-னு ரவுண்ட் பண்ணுவாங்களா சார்?”

74.92. “75-க்குக் குறையாமல்” என்று விதி இருந்தால் நான் ரவுண்ட் பண்ணமாட்டேன். என் பக்கத்து மேஜைக்காரர் பண்ணலாம் என்பார், இதற்காக நாங்கள் டீக்கடையில் சண்டையே போட்டிருக்கிறோம். ஒரு மார்க்தானே, ரீவேல்யூவேஷனுக்குக் கடைசித் தேதி போவதற்குள் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.