அன்ஸ்டேக் பண்ண ஆட்டம் காயின் எங்க போச்சு?

கேள்வி: அண்ணா, கெப்ளர் வாலட்ல 40 ஆட்டம் ஸ்டேக் பண்ணி வச்சிருந்தேன். மார்ச் 3 ராத்திரி எடுத்துட்டேன். இப்போ ஸ்டேக்ல காட்டல, அவைலபிள்லயும் வரல. கையில சில்லறை மாதிரி ஏதோ கொஞ்சம்தான் இருக்கு. காசு போயிடுச்சா?

பதில்: போகல தம்பி, பயப்படாதீங்க. ஆட்டம் ஓடுற செயின் காஸ்மோஸ் ஹப், அதுல ஸ்டேக்கை எடுத்தா, அதாவது அன்டெலிகேட் பண்ணா, 21 நாள் அன்பாண்டிங்னு ஒரு காத்திருப்பு இருக்கு, உங்க 40 இப்ப அங்கதான் நிக்குது, அது ஸ்டேக்கும் இல்ல அவைலபிளும் இல்ல, அதனால இந்த ரெண்டை மட்டும் கூட்டிக் காட்டுற ஆப்ல பார்த்தா காணாம போன மாதிரியே தெரியும். வந்த சில்லறை, அதுவரைக்கும் சேர்ந்த ரிவார்டு, அன்டெலிகேட் பண்ணும்போதே அது தானா வந்துடும்.

மின்ட்ஸ்கேன்ங்கிற சைட்ல உங்க வாலட் அட்ரஸைப் போட்டு அன்பாண்டிங்னு இருக்கிற இடத்துல பாருங்க, செயினை நடத்துறவங்கள்ல நீங்க யார்கிட்ட ஸ்டேக் பண்ணீங்களோ அந்த வேலிடேட்டர் பேரு, தொகை, முடியுற நேரம் மூணும் இருக்கும். நேரம் யூடிசில இருந்தா அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கோங்க: நீங்க ராத்திரி 9:15க்கு பண்ணியிருந்தா அங்க மார்ச் 24, 15:45னு இருக்கும், அதாவது நம்ம டைம்ல அன்னிக்கு ராத்திரி 9:15.

ஏன் இவ்ளோ நாள்னா, வீடு காலி பண்ணும்போது ஓனர் சுவரெல்லாம் பார்த்துட்டுதானே அட்வான்ஸைத் திருப்பித் தருவார், அது மாதிரிதான். வேலிடேட்டர் ஒரே பிளாக் உயரத்துக்கு ரெண்டு வெவ்வேறு கையெழுத்து போட்டு ஏமாத்தினா ஆதாரம் உடனே சிக்காது, அதுக்குள்ள எல்லாரும் காசை எடுத்துட்டுப் போயிட்டா அபராதம் யார்கிட்ட புடிக்கிறது? அதனால நீங்க ஸ்டேக்ல இருந்தப்போ அவர் பண்ண தப்பு இந்த 21 நாளுக்குள்ள வெளிய வந்தா உங்க 40லயும் கை வைப்பாங்க. ரெட்டைக் கையெழுத்துக்கு 5 சதவீதம், அப்போ 38தான் வரும். அபூர்வம்தான், ஆனா நடக்கும். இந்த நாட்கள்ல ரிவார்டும் கிடையாது, விக்கவும் முடியாது, விலை இறங்கினா பார்த்துட்டு இருக்க வேண்டியதுதான் (எனக்கு இதுதான் பெரிய கடுப்பு).

மனசு மாறிட்டா அன்பாண்டிங்கை கேன்சல் பண்ணி அதே வேலிடேட்டர்கிட்ட திரும்ப ஸ்டேக்ல போட்டுக்கலாம், ஆனா நாளைக் குறைக்க வழி இல்ல. "சப்போர்ட் டீம், சீக்கிரம் ரிலீஸ் பண்ணித் தரோம், சீட் ஃப்ரேஸ் அனுப்புங்க"ன்னு டெலிகிராம்ல எவனாவது வந்தா பிளாக் பண்ணிடுங்க, அவன் திருடன்.

24ஆம் தேதி நீங்க எந்த பட்டனும் அமுக்க வேணாம், போல்காடாட்ல மாதிரி தனியா வித்ட்ரா பண்ற வேலை இங்க இல்ல, செயினே அவைலபிள்ல சேர்த்துடும். ஆனா ஹிஸ்டரில "வந்துச்சு"ன்னு தனி என்ட்ரி தேடாதீங்க, அது யாரும் அனுப்புற டிரான்சாக்‌ஷன் இல்ல, பேலன்ஸ் மட்டும்தான் ஏறியிருக்கும். ஏறலன்னா வாலட்டை ரீஃப்ரெஷ் பண்ணிட்டு மின்ட்ஸ்கேன்ல இன்னொரு தடவை பாருங்க.